அம்மாவின் சடையை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது என்னைப் பார்த்து மணி என்ன என்று கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவரைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். எழுதப்போகிற விஷயமும் பெரிதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவின் முடியைக் கத்தரித்துத் தலைக்கு ஊற்றிவிட்டேன், அவ்வளவுதான். இதற்கு இத்தனை பக்கமா என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுந்து உட்கார முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் ஓரம் சீவும் வேலையில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த கப்பில் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தடவி, கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். சூளைக்குப் போகாத பச்சைக் கப்பு அப்பளம் மாதிரி. கொஞ்சம் அழுத்தினால் கையோடு வந்துவிடும். பதினோரு வருஷம் அந்த வேலை செய்ததில் என் கை மட்டும் பயமில்லாத கையாக ஆகியிருந்தது. மற்றபடி நான் பயந்தவள்தான். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அண்ணன் மங்கலம்பேட்டையில் கடை வைத்துக் குடும்பத்தோடு இருந்தார்.

அந்த வருஷம் சித்திரையில் அம்மாவுக்கு அம்மை போட்டது. அறுபத்தெட்டு வயதில் அம்மையா என்று ஊரே கேட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மை வந்த வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். தாளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, சீப்பு எடுக்கவே கூடாது. அம்மாவுக்கு அந்த வயதிலும் இடுப்பு வரை முடி. பாதிக்கு மேல் வெள்ளை, ஆனால் அடர்த்தி குறையவில்லை. இருபது நாள் சீப்புப் படாமல் அது பிடரியில் ஒரு கூடு மாதிரி சிக்கிக் கிடந்தது. அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றி முடித்துச் சீவிவிடலாம் என்றிருந்தோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே, ஊற்றிய இடத்தின் ஈரத்தில் கால் வழுக்கி அம்மா விழுந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பெலும்பில் கீறல் என்றார்கள். நாலு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்று மாதம் படுக்கை. இடது பக்கம் திருப்பவே கூடாது.

இடுப்பைப் பார்ப்பதா, தலையைப் பார்ப்பதா? நான் இடுப்பைப் பார்த்தேன். பட்டறைக்குப் போகுமுன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தும் சட்டி வைத்து எடுத்தேன், உடம்பைத் துடைத்துவிட்டேன், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டேன். தலை மட்டும் அப்படியே கிடந்தது. படுத்த தலை தலையணையில் உரச உரச, கூடு இறுகிக்கொண்டே போனது.

இரண்டாம் மாதம் ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. அண்டாவில் வெந்நீர் போட்டேன். சீயக்காயைக் கரைத்தேன். கட்டில் நனையாமல் கோணி விரித்து, சிக்கோடு இருந்த முடியில் வெந்நீரை ஊற்றிக் கசக்கு கசக்கு என்று கசக்கினேன். அழுக்குப் போனால் சிக்கும் இளகிவிடும் என்று என் நினைப்பு. அம்மா "கண்ணு எரியுதுடி, காதுல தண்ணி பூந்துச்சிடி" என்று கத்தினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால், தனித்தனியாக இருந்த சிக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, தேங்காய்நார்க் கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. மூன்று சடை. நடுவில் ஒன்று பருமனாக, இரண்டு பக்கமும் இரண்டு. சிக்கை நனைத்துக் கசக்கினால் அது இறுகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா ரசம் கொண்டுவந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நல்ல மனசு. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எங்கள் தெருவில் அவள்தான் முன்னால் நிற்பாள். அம்மாவின் தலையைப் பார்த்தவள் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடிப் பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ. மூணு சடை எறங்கி இருக்குது பாரு. அம்மை போட்ட தல. ஆத்தா வந்துட்டுப் போகல பாப்பா, இங்கியே இருந்துட்டா!"

நான் வாயைத் திறந்தேன். நேற்று வெந்நீர் ஊற்றிக் கசக்கினதால் வந்தது அது என்று சொல்ல வேண்டும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு நிமிஷத்து வாய்மூடலுக்கு அம்மா ஒரு மாதம் கஷ்டப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு பெண்கள் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினைந்து பேர். சடையில் மஞ்சள் குழைத்துப் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு அம்மாள் பஸ் ஏறி வந்து, பேத்திக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அம்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கடைசியில், "ஆவும், ஆவும். பையன் கெடைச்சா ஆவும்" என்றாள். அந்த அம்மாள் அதையே வாக்காக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

வாழைப்பழம் சீப்புச் சீப்பாகச் சேர்ந்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா சரியாகத் தூங்கவில்லை என்பதை நான் கவனித்தேன். தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே இருப்பாள். நடுச்சடை பின்தலையில் கல் மாதிரி அழுத்தியதால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இடது பக்கம் திரும்பக் கூடாது. வலது பக்கமே எத்தனை நேரம் கிடப்பது? தலையணை உறையில் மஞ்சளோடு வேறொரு மஞ்சளும் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சீழ்.

"யம்மா, தல வலிக்குதா?"

அம்மா வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னாள்.

"சாமியும் இல்ல பூதமும் இல்லடி. பேனு. ராவும் பகலும் மேயுது. கைய வுட்டுச் சொறியலாம்னா சடை வுட மாட்டேங்குது. அதுக்குள்ள எங்கியோ எரியுது."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"கும்புட்டுக்கிட்டு நிக்கிறவங்க முன்னால எப்பிடிச் சொறியறது? நீதான் ஊமைன்னா நானும் உன் ஆத்தாதான?"

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். பழச் சீப்புகளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் ஊதுபத்திப் புகை. அண்ணனுக்குக் கோபம் வந்தால் குரல் மெதுவாகிவிடும்.

"என்னா கூத்து இது? அடுத்த ஞாயித்துக்கெழம முடிவெட்டுறவரக் கூட்டியாறேன். வழிச்சி மொட்ட அடிச்சிடுவோம். ஒரே நிமிஷம். சுத்தமாப் போயிடும்."

அம்மா படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்பினாள். "டேய், உங்கப்பன் செத்தப்பவே இந்த மசுரு மேல எவனும் கை வெக்கல. இப்ப எந்த எழவுக்கு மொட்ட?"

"சீழு வெக்குதுன்னு தங்கச்சி சொல்லுது இல்ல?"

"வெச்சிட்டுப் போவுது. மொட்டத் தலையோட நான் கட்டயில ஏற மாட்டேன்."

"அப்ப சடையோட கெட." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயித்துக்கெழம பதினோரு மணி பஸ்ஸுல வரேன். அம்மா வேணாம்னாலும் அடிக்கிறதுதான்."

எனக்கு ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவைப் பார்த்துக்கொண்ட வார்டில் ஒரு சின்ன வயது நர்ஸ் இருந்தாள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் கதவோரம் போய் நின்றேன். அவளே என்னைப் பார்த்து, "என்னக்கா, இடுப்பு என்ன சொல்லுது?" என்றாள்.

இடுப்பு இல்லை, தலை என்றேன். வெந்நீர் ஊற்றிக் கசக்கியதையும் சொன்னேன். அந்த ஊரில் நான் அதை முதலில் சொன்னது அவளிடம்தான்.

"அய்யய்யோ, தண்ணி ஊத்துனீங்களா? அதான் கம்பளி ஆயிடுச்சி," என்றாள். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கையால் காற்றிலேயே செய்து காட்டினாள். "முதல்ல எண்ணெ. தேங்கெண்ண போதும். நல்லா ஊற வெக்கணும், ரெண்டு மூணு நாளு. காஞ்ச முடியில எண்ணெ. தண்ணி கடைசீலதான். நுனியிலேருந்து விரலால பிரிச்சிக்கிட்டே மேல போங்க. மேல கையால முடியப் புடிச்சிக்கணும், இழுக்கறது தலைக்குப் போகக் கூடாது. பிரியாத எடத்த வெட்டிடுங்க."

"சிஸ்டர், வெட்டறப்ப தல வெட்டுப்பட்டா?"

"அதான் பயம். வயசானவங்க தோலு வெங்காயத் தோலு மாரி. சடை தோல இழுத்துக்கிட்டு நிக்கும், எது தோலு எது முடின்னு தெரியாது. ஒங்க ரெண்டு விரல தலைக்கும் சடைக்கும் நடுவுல நுழைச்சிக்கோங்க. கத்திரி விரலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கணும். பட்டாலும் ஒங்க விரல்ல படட்டும். விரல் நுழையலன்னா அங்க வெட்டாதீங்க, சடைய நீட்டவாக்குல கீறி ரெண்டாப் பிரிங்க, அப்பறம் நுழையும். ஒரே வெட்டுல அறுக்கக் கூடாது. கத்திரி முனை கூரா இருக்கக் கூடாது. காத மடிச்சிப் புடிச்சிக்கணும். பிளேடு, கத்தி எதுவும் வேணாம். புண்ணு இருக்கற தலைல மொட்ட அடிச்சா கேக்கவே வேணாம்."

தலைக்கு ஊற்றுவதையும் சொன்னாள். கட்டில் விளிம்புக்குத் தலையைக் கொண்டுவர வேண்டும், ஆனால் கழுத்து தொங்கக் கூடாது. பின்கழுத்துக்குத் துணியைச் சுருட்டி வைக்க வேண்டும். சாப்பிட்ட வயிற்றோடு கூடாது. புண்ணில் சீயக்காய் எரியும், குளிக்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். கடைசியில், "ரெண்டு பேரு வேணும்கா. ஒருத்தர் தலையத் தாங்கணும், ஒருத்தர் ஊத்தணும். தனியாப் பண்ணாதீங்க," என்றாள். ஒரு சின்னப் புட்டியில் ஊதா மருந்தும், பஞ்சும் கொடுத்தாள்.

இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவது? எதிர்வீட்டு அக்காவைத் தவிர உரிமையோடு கூப்பிட எனக்கு யாரும் இல்லை. அவளைக் கூப்பிட முடியாது.

அன்றைக்கு ராத்திரியே எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தேன். சடைக்குள் விரலால் தள்ளித் தள்ளி விட்டேன். நல்லவேளை, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிய தலையில் தேங்காயெண்ணெய் வந்தவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் சடை பளபளக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டில் துணி வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று இருந்தது. முனை ஊசி மாதிரி. சூளையில் சாமான் அடுக்கும் மண்பெட்டி உடைந்தால் அதன் துண்டு நல்ல சொரசொரப்பாக இருக்கும். ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து, கத்தரியின் இரண்டு முனையையும் உருண்டையாகும் வரை தேய்த்தேன். என் உள்ளங்கையில் குத்திப் பார்த்தேன். குத்தவில்லை. பிறகு அதை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

அடுத்தது பிளாஸ்டிக் தாள். பட்டறையில் களிமண் காயாமல் இருக்கப் பெரிய தாளால் மூடி வைப்பார்கள். கிழிந்த தாளை மூலையில் போட்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் அவர் முன்னால் போய் நின்று, "தாளு" என்றேன். "எந்தத் தாளு?" என்றார். கையைக் காட்டினேன். "கிழிஞ்சத எடுத்துக்கறதுக்கா ரெண்டு நாளா என் பின்னால சுத்துன? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்," என்றார். அதை வீட்டில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அம்மாவுக்கு ஆறு மணிக்கே கஞ்சி கொடுத்துவிட்டேன். எட்டு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை கொடுத்தேன். இடுப்பு முறுக்கிக்கொள்ளாது.

"யம்மா, வெட்டப் போறேன்."

"எவ்ளோ?"

"தோளு வரைக்கும் நிக்கப் பாக்கறேன். மொட்ட இல்ல."

"செய்யி. கை நடுங்குதா?"

"இல்ல."

"ஒனக்கு வாய்தான் நடுங்கும்," என்றாள்.

பக்கத்துச் சடை இரண்டும் எண்ணெயில் ஊறி இளகியிருந்தன. நுனியிலிருந்து விரலால் பிரித்தேன். அரை மணிக்கு ஒன்றாக இரண்டும் சீப்புக்கு வந்துவிட்டன. நடுச்சடைதான் வரவில்லை. தலைக்கும் அதற்கும் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. நர்ஸ் சொன்னபடி நுனியைப் பிடித்து, முடி ஓடும் திசையிலேயே கத்தரியால் கீறினேன். இரண்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக. நாலாவது கீறலில் விரல் உள்ளே போனது. தோலின் சூடு தெரிந்தது. விரலை எடுக்காமல், அதன் மேல் பக்கமாகக் கத்தரியை வைத்து வெட்டினேன்.

பச்சைக் கப்பில் கோடு சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம். அதே மாதிரி அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது முதல் துண்டு கையில் வந்த பிறகுதான் தெரிந்தது.

பாதிச் சடை வந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டு அக்கா. கையில் தட்டு, தட்டில் கற்பூரம். என் கையில் இருந்த சடைத் துண்டைப் பார்த்தாள்.

"என்னாடி பண்ற?" வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஆத்தா சடையிலியா கத்திரி வெச்ச? குடும்பம் வெளங்குமா? நீ நல்லா இருப்பியா?"

எப்போதும் போல் ஒதுங்கிவிடத்தான் பார்த்தேன். ஆனால் என் இரண்டு விரல் அம்மாவின் தலைக்கும் சடைக்கும் நடுவில் இருந்தது. எடுக்க முடியாது. ஓடி ஒளியவும் முடியாது.

"அக்கா, இது ஆத்தா சடை இல்ல," என்றேன். "நான் போட்ட சடை. சிக்கு மேல வெந்நீர ஊத்திக் கசக்குனேன், அதுல இறுகிப் போச்சி. நீ பாத்ததுக்கு மொத நாளு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ கண்ணு கலங்கி நின்ன, எனக்கு வாயி வரல. தப்பு எம்மேலதான். அந்த ஆத்தாளுக்கே தெரியும்."

வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒருக்களித்துப் படுத்தபடியே சொன்னாள். "கிட்ட வந்து பாரும்மா. பயப்படாத."

நான் வெட்டிய இடத்தை விரலால் விலக்கிக் காட்டினேன். எட்டணாக் காசு அளவுக்குத் தோல் வெந்து, ஈரமாக, சீழ் கட்டிக் கிடந்தது. சுற்றிப் பேன் ஓடியது. அக்கா தட்டைத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இது மேலியா நான் மஞ்சளப் பூசுனேன்?"

"நல்லெண்ணத்துலதான பூசுன," என்றாள் அம்மா. "குளிர்ச்சியாத்தான் இருந்துச்சி கொஞ்ச நேரம். அப்பறம் புடிச்சி எரிஞ்சிது பாரு!"

"சொல்லக் கூடாதா பெரியம்மா?"

"நீங்கல்லாம் கன்னத்துல போட்டுக்கறப்ப நான் எங்க சொல்றது? பழம் வேற நல்லா இருந்துச்சி."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எழுந்து போய்விட்டாள். கோபத்தோடு போகிறாள் என்று நினைத்தேன். அவள் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணியோடு திரும்பி வந்தாள். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைத்தாள்.

"எதுவா இருந்தாலும் ஆத்தா பேரச் சொல்லிக் கும்புட்டது. குப்பைல போட மாட்டேன். ஆத்துல வுட்டுட்டு மன்னிப்பு கேட்டுக்கறேன்," என்றாள். பிறகு, "மீதிய வெட்டு. தண்ணி ஊத்தறப்ப தலைய நான் தாங்கிக்கறேன்."

எனக்கு இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டது.

பத்து மணிக்குள் சடை முழுவதும் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. என் இடது ஆள்காட்டி விரலில் மட்டும் இரண்டு கீறல். கடைசியில் இரண்டு பக்கத்து முடியையும் கழுத்து மட்டத்துக்குக் கத்தரித்தேன். நடுவில் குட்டையாகத்தான் நின்றது, விரலளவு.

அம்மாவை மெதுவாக மல்லாத்தி, இரண்டு பேரும் விரிப்போடு சேர்த்துத் தூக்கிக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்தோம். பின்கழுத்துக்குச் சுருட்டிய துணி. அதன் மேல் பிளாஸ்டிக் தாள். தாளின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாகச் சுருட்டினேன். வாய்க்கால் மாதிரி ஆனது. அதன் முனையைக் கீழே வாளிக்குள் விட்டேன். இரண்டு காதிலும் பஞ்சு. கண்ணுக்கு மேல் மடித்த துண்டு. தண்ணீரை என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தேன். சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை. அதுதான் பதம்.

அக்கா இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டாள். நான் சின்னச் செம்பால் நெற்றியிலிருந்து பின்னால் போகும்படி ஊற்றினேன். சோப்புத் தண்ணீரை விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்தேன். புண்ணைச் சுற்றி மட்டும் கை வைக்கவில்லை, தண்ணீரை வழிய விட்டேன். முதல் வாளியில் விழுந்தது கருப்பும் மஞ்சளுமாக இருந்தது. இரண்டாவது வாளியில் சாம்பல் நிறம். மூன்றாவது வாளியில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது.

"கழுத்து வலிக்குதா யம்மா?"

பதில் இல்லை. பயந்துபோய்த் துண்டை எடுத்துப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம ஊத்துடி. மூணு மாசமாச்சி."

துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தோம். புண்ணைக் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் துடைத்து ஊதா மருந்து வைத்தேன். சாய்த்து உட்கார வைக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்; முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்து, ஈருளியால் பேனை எடுத்தோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெயிலில் முடி காய்ந்து பறக்க ஆரம்பித்தது. நுனியில் இருந்த கறுப்பெல்லாம் போய், முழுக்க வெள்ளை. அத்தனை வெள்ளையாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அக்கா கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "மெட்ராஸ்காரி மாரி."

அப்போது அண்ணன் வந்தார். பின்னால் கைப்பெட்டியோடு முடிவெட்டுகிறவர். உள்ளே காலை வைத்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அம்மா உட்கார்ந்திருந்ததை அவர் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை.

முடிவெட்டுகிறவர் செருப்பை விட்டுவிட்டு நேராக அம்மாவின் பின்னால் போனார். குனிந்து பார்த்தார். புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது மேல நான் கத்தி வெச்சிருக்க மாட்டேங்க. வெச்சிருந்தா கிழிஞ்சிருக்கும். யாருங்க வெட்டுனது?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைக் காட்டினாள்.

"எடது பக்கம் ஒரு வெரக்கடை ஏத்தமா இருக்குதுங்க," என்றார் அவர். பெட்டியைத் திறக்காமலேயே தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். "ஆனா காது கிட்ட போன வெட்டப் பாருங்க. எனக்கு மொத பத்து வருஷம் அந்த எடம் வரல."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அந்த முறை நான் உள்ளே ஓடவில்லை. அங்கேயே நின்றேன்.

"அப்ப நான் கூட்டியாந்தது வீணா?" என்றார் அண்ணன்.

"ஏன் வீணு?" என்றாள் அம்மா. "பஸ்ஸு ஏறி வந்தவரு. ஒனக்கு அடிச்சி வுடச் சொல்லு. புள்ளைக்கி மொட்ட அடிச்சாலும் ஆத்தாளுக்குக் கணக்குதான்."

முடிவெட்டுகிறவர் சிரித்ததில் பெட்டி கையிலிருந்து நழுவியது. அண்ணன் முதலில் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். மொட்டை அடிக்கவில்லை, வாசலில் பெஞ்சைப் போட்டு முகச் சவரம் செய்துகொண்டார். நான் எல்லோருக்கும் டீ போட்டேன். அம்மா சாய்ந்து உட்கார்ந்தபடியே, தன் கையாலேயே டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். நடுநடுவே பின்தலையைத் தலையணையில் வைத்து, அழுத்தவில்லை என்று சோதித்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா காலை ஒன்பது மணி வரை மல்லாந்து தூங்கினாள். நான் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு, பட்டறைக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போனேன்.